வாங்கலாமா? கேள்வி-பதில்: மொத்த விலைக்கு ஒரு ஐஸ் கம்பெனி

மண்டபம் பக்கம் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியை நிலம், கட்டடம், மிஷின் எல்லாம் சேர்த்து 90 லட்சத்துக்கு வாங்கினோம். ஒப்பந்தத்தில் ஒரே தொகைதான். ஆடிட்டர் மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார். எப்படிப் பிரிப்பது?

வாங்கிய நாளில் ஒவ்வொன்றும் தனியாக விற்றால் என்ன விலை போகும் என்று மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். விற்றவரின் பழைய கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பு இதற்கு உதவாது. மதிப்பீடு நிலம் 40 லட்சம், கட்டடம் 30, மிஷின் 30 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 100. நீங்கள் கொடுத்தது 90. ஆக, ஒவ்வொன்றிலும் பத்தில் ஒன்பது பங்குதான் உங்கள் அடக்கம்: நிலம் 36, கட்டடம் 27, மிஷின் 27.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நிலத்துக்கு முழு 40, கட்டடத்துக்கு முழு 30 எழுதிவிட்டு, மிச்சம் இருக்கிற 20-ஐ மிஷின் தலையில் கட்டுகிறார்கள். சல்லிசாக வாங்கிய லாபம் மிஷினுக்கு மட்டும் சொந்தமா என்ன? மூன்றும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பதிவுச் செலவு எதற்காகக் கட்டினீர்களோ அதோடு சேரும். நிலம், கட்டடத்துக்கு மட்டும் முத்திரைத்தாள் வாங்கியிருந்தால், அதில் மிஷினுக்குப் பங்கு இல்லை.

அப்புறம் தேய்மானம். நிலத்துக்குக் கிடையாது. கட்டடத்துக்கு இன்னும் 20 வருடம் ஆயுள் என்றால் வருடம் 1.35 லட்சம். மிஷினுக்குப் பத்து வருடம், கடைசியில் இரும்பு விலைக்கு 2 லட்சம் தேறும் என்றால், மிச்சம் 25 லட்சத்தைப் பத்தால் வகுத்து வருடம் 2.5 லட்சம். கம்பெனிச் சட்டத்தின் பட்டியல் பொதுவாக ஆலைக் கட்டடத்துக்கு 30, மிஷினுக்கு 15 வருடம் என்கிறது. ஆனால் அது புதுசுக்கு. நீங்கள் வாங்கியது பழசு, அதுவும் உப்புக்காற்றில் நின்றது. தூணில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, ஐஸ் கேன்களின் அடிப்பகுதி அரித்திருக்கிறதா என்று பார்த்து ஆயுளைக் குறையுங்கள்.

வருமான வரிக்கு வேறு கணக்கு: கட்டடத்துக்கு 10 சதவீதம், மிஷினுக்கு 15, வருடா வருடம் குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அந்த வருடம் மட்டும் பாதிதான்.

நிலத்தைக் குறைத்து மிஷினை ஏற்றிக் காட்டினால் வரி குறையுமே?

குறையும், அதிகாரி மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்கும்வரை. நாளைக்கு நிலத்தை விற்கும்போது அடக்கம் குறைவாக நிற்கும், லாபம் பெரிதாகி வரி அங்கே வந்து உட்காரும்.

சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பையே நிலத்தின் விலையாக வைக்கலாமா?

கூடாது. அது முத்திரைத்தாள் கட்டணம் வாங்குவதற்காக அரசு வைத்த அளவு. வாங்குகிறவன் தருகிற விலை வேறு.

தொண்டியில் கருவாட்டுக் குடோனைக் குளிர் அறையோடு மொத்தமாக வாங்கினேன். பார்க்கப் போனபோது நல்ல மோட்டார். சாவி வாங்கிய அன்று அதே இடத்தில் வேறு பழைய மோட்டார். விற்றவர் "மொத்த ரேட்டுதானே பேசினோம்" என்கிறார்.

அம்மா, இந்த "மொத்த ரேட்டு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. விற்கிறவனுக்கு அது போர்வை. உள்ளே எதை உருவினாலும் தெரியாது. ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: கம்ப்ரசர், மோட்டார், பேனல் என்று ஒவ்வொன்றும், தகட்டில் பொறித்த வரிசை எண்ணோடு, இருவர் கையெழுத்தோடு. அரை மணி நேர வேலை. அதற்குச் சோம்பல் படுகிறவர்களிடம் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் உங்களை நம்ப வைத்து மாற்றியிருக்கிறார்கள், அது வேறு.

நானும் பட்டவன்தான். ஒரு கடைக் கட்டடத்தை ஜெனரேட்டரோடு வாங்கி, முழுத் தொகையையும் "நிலம்" என்று ஒரே வரியில் எழுதினேன். ஆறு வருடம் தேய்மானமே போடவில்லை. ஜெனரேட்டரைக் காயலான் கடைக்குப் போட்டபோது அதன் அடக்கம் என்ன என்று தேடினால், என் கணக்கில் ஜெனரேட்டரே இல்லை!

முதலில் பார்க்கப் போனபோது எடுத்த போட்டோ போனில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மதிப்பீட்டாளரிடம் இப்போது அங்கே இருக்கிற மோட்டாருக்கே மதிப்பு போடச் சொல்லுங்கள். விற்றவர் பணம் திருப்பித் தந்தால் அதை வருமானமாக எழுதாமல், நீங்கள் கொடுத்த மொத்த விலையிலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தை மதிப்பீட்டின்படி பிரித்துத் தேய்மானம் போடுங்கள்.