ஆட்டோ கிராப் போட்டும் கறுப்பு ஓரம் ஏன் போகவில்லை?

"ராயபுரத்தில் ஒரு கடையில் அப்பாவின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்தேன். சுற்றிலும் கறுப்புச் சட்டம், தூசிப் புள்ளிகள். ஆட்டோ கிராப் போட்டும் போகவில்லை. ஏன்?"

ஆட்டோ கிராப் என்பது, ஒரே நிறத்தில் இருக்கும் ஓரத்தை மென்பொருளே கண்டுபிடித்து வெட்டுவது. ஸ்கேனர் மூடியைத் திறந்து வைத்தே ஸ்கேன் செய்தால், படத்துக்கு வெளியே கறுப்பாக விழும். நம் கண்ணுக்கு அது ஒரே கறுப்பு, கணினிக்கு அப்படியல்ல. பாயைச் சுருட்டிக்கொண்டே வரும்போது நடுவில் கல் தட்டினால் நின்றுவிடுமே, அப்படித்தான் இதுவும். வரிவரியாக உள்ளே வரும், நிறம் மாறிய ஒரு தூசிப் புள்ளி வந்தால் அங்கேயே நின்றுவிடும். படம் சாய்ந்திருந்தால் இன்னும் மோசம்: ஒவ்வொரு பக்கத்திலும் படத்தின் ஒரு மூலை தட்டியதுமே நிறுத்தி, நான்கு மூலைகளிலும் கறுப்பு முக்கோணங்களை விட்டுவிடும்.

அதனால் முதலில் நிமிர்த்துங்கள். ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் Measure கருவியால் படத்தின் ஒரு விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்து, Straighten அழுத்தினால் போதும். அப்புறம் Crop கருவியால் கையாலேயே வெட்டுங்கள், விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி. 600 டிபிஐ ஸ்கேனில் அது சுமார் 12 பிக்சல்தான். நைந்த விளிம்பும் அதில் ஒட்டிய தூசியும் சேர்ந்தே போய்விடும். பழைய அச்சின் வெள்ளைக் கரையில் ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருந்தால் மட்டும் கரையை விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் அதுவும் படத்தின் பகுதிதான்.

ஓரத்தை வெட்டினால் தெளிவு குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். வெட்டுவதால் குறையாது, ஜேபெக்காகத் திரும்பத் திரும்பச் சேமிப்பதால்தான் குறையும்.