தொலைவில் பிறந்த கோள் அருகில் வந்தது எப்படித் தெரியும்?

கேள்வி: என் மகள் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 51 பெகாசி பி என்ற கோளைப் பற்றிய திட்ட அறிக்கையில், ‘இக்கோள் தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்து வந்தது’ என்று எழுதியிருந்தாள். ‘நகர்ந்ததை யார் பார்த்தார்கள்? அங்கேயே பிறந்திருக்கலாமே’ என்று பேராசிரியர் திருப்பிவிட்டார். அறிக்கையைச் சரிசெய்து, சான்றிதழும் தருவதாக ஒரு பயிற்சி மையம் 6,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான விடையை உங்கள் மகளே இரண்டு பக்கங்களில் எழுதிவிடலாம்.

முதலில் அந்தக் கோள் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அறிக்கையில் கணக்காகவே காட்டச் சொல்லுங்கள். 1995ஆம் ஆண்டு மிஷேல் மயோர், டிடியே கெலோ என்ற இரு சுவிஸ் வானியலாளர்கள், பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்தில் 51 பெகாசி விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது 4.23 நாள்களுக்கு ஒரு முறை நம்மை நோக்கியும் விலகியும் அசைவதைக் கண்டறிந்தார்கள். அசைப்பது கோளின் ஈர்ப்பு என்பதால், அதுவே கோளின் சுற்றுக்காலம். 4.23 நாளை 365.25ஆல் வகுத்தால் 0.0116 ஆண்டு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி அதை இருமடியாக்கிக் கனமூலம் எடுத்தால் 0.051 வரும், அதாவது வானியல் அலகு எனப்படும் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவில் இருபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 77 லட்சம் கிலோமீட்டர். அந்த விண்மீன் சூரியனைவிடச் சற்றே கனமானது என்பதால் விடை இன்னும் சிறிது கூடும். அதனால் வாதம் மாறாது. நம் புதன் கோளே சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை அருகில் எழுதினால் போதும். இந்தக் கோளின் நிறையோ குறைந்தது 150 பூமிகளுக்குச் சமம்.

இப்போது பேராசிரியரின் கேள்விக்கு வருகிறேன். பெருங்கோள் ஒன்று உருவாக, முதலில் பாறையும் பனிக்கட்டியும் திரண்டு பூமியைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள ஒரு கரு அமைய வேண்டும். அதன் பிறகுதான் அது சுற்றியுள்ள வாயுவை வேகமாக இழுத்துக்கொள்ளும். நம் சூரியக் குடும்பத்துக் கோள்களின் பொருளையெல்லாம் அவை பிறந்த வாயுத் தட்டாக மீண்டும் பரப்பிப் பார்த்தால், 0.05 வானியல் அலகுக்குள் ஒரு பூமி அளவுப் பாறைகூடத் தேறாது. பனிக்கட்டி அங்கே நிற்கவே முடியாது. அதற்குச் சூரியனைப் போன்ற விண்மீனிலிருந்து ஏறக்குறைய மூன்று வானியல் அலகாவது தள்ளிப் போக வேண்டும். வீடு கட்டச் செங்கல் வேண்டும். செங்கல் இல்லாத இடத்தில் வீடு நிற்கிறதென்றால், வீடு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் செங்கல் வந்திருக்க வேண்டும். நெருங்கிய இடத்திலேயே இத்தகைய கோள்கள் உருவாகலாம் என்று வாதிடுபவர்களும் பொருள் வெளியிலிருந்து உள்ளே வந்து சேர்ந்ததாகவே கொள்ள வேண்டியிருக்கிறது.

நகர்த்தியது எது என்றால், வாயுத் தட்டுதான். கோள் தன் ஈர்ப்பால் அதில் சுருள் அலைகளை எழுப்புகிறது. கோளுக்கு வெளியே உள்ள வாயு மெதுவாகச் சுற்றுவதால், அந்தப் பக்கத்து அலை கோளைப் பின்னுக்கு இழுக்கிறது. உள்பக்கத்து அலை முன்னுக்குத் தள்ளுகிறது. பெரும்பாலும் வெளிப்பக்க இழுப்பே வெல்கிறது. கோள் போதிய நிறை பெற்றதும் தட்டில் ஓர் இடைவெளியை வெட்டிக்கொண்டு, விண்மீனை நோக்கிச் செல்லும் வாயுவோடு தானும் செல்கிறது. தட்டு சில பத்து லட்சம் ஆண்டுகளில் கலைந்துவிடும் என்பதால், பயணம் அதற்குள் முடிந்தாக வேண்டும். கோல்ட்ரைக், டிரமெயின் என்ற இரு வானியலாளர்கள் இந்த இயக்கத்தை 1980இலேயே கணக்கிட்டிருந்தார்கள். கோள் கிடைத்த மறு ஆண்டே லின்னும் சக ஆய்வாளர்களும் அதை 51 பெகாசிக்குப் பொருத்திக் காட்டினார்கள். இதைவிட எரிச்சலூட்டும் செய்தி ஒன்று உண்டு. விண்மீனுக்கு மிக நெருங்கிய பெருங்கோள்களைத் தேடலாமே என்று வானியலாளர் ஓட்டோ ஸ்துருவே 1952இலேயே எழுதினார். நம் சூரியக் குடும்பத்தில் வியாழன் 12 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதையே இலக்கணமாக வைத்துக்கொண்டு, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்த யோசனையைக் கிடப்பில் போட்டோம்.

உங்கள் மகளின் வாக்கியத்தில் ஒரு திருத்தம் தேவை. எல்லாக் கோள்களும் தட்டின் வழியே வந்தன என்று எழுதிவிடக் கூடாது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் எனக்கு வரும் மாணவர் அறிக்கைகளில் பத்தில் எட்டு இங்கேதான் சறுக்குகின்றன. எச்.டி. 80606 பி என்ற கோளைப் பாருங்கள். 111 நாள்களில் ஒரு சுற்று. ஆனால் பாதை மிக நீண்ட நீள்வட்டம். ஒரு முனையில் விண்மீனிலிருந்து ஏறக்குறைய 0.88 வானியல் அலகு தள்ளி நிற்கிறது, மறுமுனையில் 0.03க்கு வந்து உரசிச் செல்கிறது. அப்படி நெருங்கும்போது சில மணி நேரத்தில் அதன் வெப்பம் பல நூறு பாகை எகிறியதை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்திருக்கிறது. இந்த விண்மீனுக்குத் தொலைவில் ஒரு துணை விண்மீன் உண்டு. அதன் ஈர்ப்பு கோளின் பாதையைச் சிறிது சிறிதாக நீட்டியிருக்கலாம். ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் கோளின் உடல் பிசையப்பட்டு ஆற்றல் வெப்பமாகக் கசிகிறது. பாதை மெல்லச் சுருங்கி வட்டமாகிறது. வாயு எதுவும் இல்லாமலேயே உள்ளே வரும் வழி இது. விண்மீனின் சுழற்சிக்குச் சாய்வாக, சில வேளைகளில் நேரெதிராகச் சுற்றும் நெருங்கிய கோள்களுக்கு இவ்வழி பொருத்தமாக இருக்கிறது. அமைதியாகத் தட்டில் மிதந்து வந்த கோள் அவ்வளவு சாய்ந்திருக்க எளிதில் காரணம் கிடைக்காது. ஆகவே 51 பெகாசி பிக்கு, ‘பெரும்பாலும் தொலைவில் உருவாகி உள்ளே வந்திருக்க வேண்டும், வந்த வழி உறுதிப்படவில்லை’ என்று எழுதுவதே சரி.

இன்னொரு பொறி. ‘பெருங்கோள்கள் எல்லாம் விண்மீனுக்கு அருகில்தான் இருக்கின்றன’ என்று பயிற்சி மையங்களின் அச்சுத் தாள்கள் தவறாமல் சொல்கின்றன. சூரியனைப் போன்ற நூறு விண்மீன்களில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் இத்தகைய கோள் உண்டு. கனமும் நெருக்கமும் விண்மீனை அதிகம் ஆட்டுவதால் அவை முதலில் கண்ணில் பட்டன, அவ்வளவுதான்.

அந்த மையத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்ற ஆண்டு ஒரே அறிக்கை, ஒரே எழுத்துப்பிழையோடு, மூன்று கல்லூரிகளிலிருந்து என் மேசைக்கு வந்தது. மூன்றிலும் ‘சர்வதேச ஆய்வுப் பயிற்சி’ என்ற பொன்முத்திரை. அவர்கள் விற்கும் தரவு நாசாவின் புறக்கோள் காப்பகத்தில் இலவசமாகக் கிடக்கிறது. 51 Peg b என்று தட்டினால் சுற்றுக்காலம், நிறை எல்லாம் திரையில் வரும், பதிவுக் கட்டணம் கிடையாது. பிள்ளைகள் கணக்கைப் போட்டார்களா என்று பாராமல், சான்றிதழை எண்ணி மதிப்பெண் போடும் நம் முறைதான் இந்தக் கடைகளுக்கு வாடகை கட்டுகிறது. அந்த மையத்தாரிடம் 0.051 எப்படி வந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்; மூன்று நிமிடத்தில் தாளில் போட்டுக் காட்டவில்லையென்றால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அறிக்கையில் கெப்ளர் கணக்கு ஒரு பக்கம், செங்கல் கணக்கு ஒரு பக்கம் என்று மகளின் கையெழுத்திலேயே இருக்கட்டும்.