அனுப்பும் மடல்கள் கூடவில்லை, மின்னஞ்சல் கட்டணம் மட்டும் ஏன் ஏறுகிறது?

"மாதம் இரண்டே மடல்தான் அனுப்புகிறேன். போன வருடமும் அப்படித்தான். பிறகு ஏன் மேல் அடுக்குக்குப் போகச் சொல்கிறார்கள்?"

மடல் அனுப்பித் தரும் பல மின்னஞ்சல் சேவைகளில் நீங்கள் காசு கொடுப்பது முதன்மையாக மடலுக்கு அல்ல, பட்டியலில் உட்கார்ந்திருக்கும் முகவரிகளுக்கு. சில சேவைகளில் அந்த எண்ணிக்கையில் உங்கள் மடலை வாங்காதவர்களும் சேர்த்தி என்பதுதான் பலர் கவனிக்காத இடம். மெயில்சிம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "வேண்டாம்" என்று விலகியவர், பொருள் வாங்கியும் மடலுக்குச் சம்மதிக்காதவர் இருவரும் அங்கே எண்ணிக்கையில் வருவார்கள். ஒரே முகவரி இரண்டு பட்டியல்களில் இருந்தால் இரண்டாக எண்ணப்படும்.

2,500 பேர் வரையிலான அடுக்கில் ஒரு சோப்புக் கடை இருக்கிறது என்று வைப்போம். மடல் வாங்குபவர்கள் 1,900 பேர், விலகியவர்கள் 350, இணையக் கடையிலிருந்து தானாக வந்து விழுந்த வாடிக்கையாளர்கள் 300. மொத்தம் 2,550. மடல் போவது 1,900 பேருக்குத்தான், ஆனால் வரம்பு தாண்டிவிட்டது. எந்தப் பொத்தானையும் நீங்கள் அழுத்தவில்லை. ஒவ்வொரு ஆர்டரும் ஒரு முகவரியைச் சேர்த்துக்கொண்டே இருந்தது.

மொத்தத் தொடர்புகளையும் மடல் பெறுவோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் விலகியவர்களை Archive செய்யுங்கள். அவர்கள் எண்ணிக்கையிலிருந்து நீங்குவார்கள், விலகிய குறிப்பும் அழியாது. அதன்பின் அடுக்கைக் கீழே இறக்க மறக்காதீர்கள். அது தானாக இறங்கிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.