தூக்கத்தில் நிற்கிறதா? ஏப்பமும் விக்கலும்: கேள்வி பதில்

(கொழும்பு அரச மருத்துவமனைகளில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற வைத்தியர் பதிலளிக்கிறார்.)

வெள்ளவத்தை ஆசிரியை: ஐயா, ஆறு மாதமாக ஏப்பம். பாடம் நடத்தும்போது வராது. பஸ்ஸில் ஏறி அமர்ந்ததும் நிமிடத்துக்கு ஐந்தாறு. ஒமிபிரசோல் இரண்டு மாதம் குடித்தும் குறையவில்லை. வயிற்றில் இவ்வளவு வாய்வு எப்படி உற்பத்தியாகிறது?

உங்கள் ஏப்பத்தின் காற்று பெரும்பாலும் வயிற்றுக்குப் போவதே இல்லை. சாதாரண ஏப்பம் என்பது சாப்பாட்டோடு விழுங்கிய காற்று இரைப்பையின் மேற்பகுதியில் சேர்ந்து, உணவுக்குழாயின் கீழ் வாசல் தளர்ந்ததும் மேலே வருவதாகும். நாளொன்றுக்கு 30 தடவை வரையும் அப்படி வரலாம். நீங்கள் சொல்வது வேறு. உதரவிதானம் சட்டென்று கீழிறங்க, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று உணவுக்குழாய்க்குள் இழுபட்டு, ஒரு செக்கன் ஆகுமுன்னே திரும்பி வெளியேறுகிறது. இதைச் செய்கிறோம் என்பதே செய்பவருக்குத் தெரியாது. பேசும்போதும் தூங்கும்போதும் நிற்பதுதான் இதன் அடையாளம். இரவில் ஏப்பத்தால் விழித்ததுண்டா என்று வீட்டாரிடமும் கேளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் குளிசை இந்தக் காற்றை நிறுத்தாது.

பஸ்ஸில் ஏப்பம் வரப்போகிறது என்ற உணர்வு எழுந்ததும் உதடுகளைச் சற்றுத் திறந்து, நாக்கின் நுனியை மேற்பல்லின் பின்னால் வைத்து, வயிறு எழும்பும்படி மூக்கால் மெதுவாக மூச்செடுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். வாய் திறந்திருக்கும்போது காற்றை உள்ளிழுத்து விழுங்குவது கடினம். வீட்டில் முதலில் படுத்தபடி, பிறகு இருந்தபடி, ஒவ்வொரு நாளும் சில வாரங்கள் பழக வேண்டும். சிலருக்குப் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் பக்கத்திலிருந்து காட்டினால்தான் பிடிபடும். விழுங்கச் சிரமம், உடல் மெலிவு, கறுப்பு மலம், இரத்தச்சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியோடு நின்றுவிடாமல் எண்டோஸ்கொபிக்குச் செல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: எனக்கு நெஞ்சு எரியும், ஏப்பமும் வரும். இரவுக் கொத்துக்குப் பிறகு சோடா குடித்தால் காற்று வெளியேறி நெஞ்சு இலேசாகிறது. ஆகவே சோடா நல்ல மருந்துதானே?

இலேசாவது உண்மை. ஆனால் வெளியேறும் காற்றில் பெரும்பங்கு அந்தச் சோடா கொண்டுவந்த காற்றேயாகும். நிறைந்த இரைப்பையை அது மேலும் விரிக்க, உணவுக்குழாயின் கீழ் வாசல் அடிக்கடி தளர்ந்து, காற்றோடு அமிலமும் மேலே ஏறுகிறது. சோடாவை விட்டு, சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் படுக்காமல் இரண்டு வாரம் பாருங்கள். எரிவு ஏப்பத்தைத் தூண்டுகிறதா, காற்றை இழுக்கும் பழக்கம் அமிலத்தை மேலே ஏற்றுகிறதா என்பதை உங்கள் விவரத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது, இரண்டும் நடப்பதுண்டு. தேவைப்பட்டால் மூக்கு வழியே மெல்லிய குழாய் செலுத்தி 24 மணித்தியாலம் பதிவு செய்யும் பரிசோதனை அந்த வரிசையைக் காட்டும்.

தெஹிவளை வாசகர்: அப்பாவுக்கு 66 வயது, நீரிழிவு. முழங்காலுக்கு ஸ்டெரொயிட் ஊசி போட்ட மறுநாள் தொடங்கிய விக்கல் மூன்று நாளாக நிற்கவில்லை, தூக்கத்திலும் வருகிறது. பக்கத்து வீட்டார் தமக்குத் தந்த பக்லோபென் குளிசை நல்லது என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அது விக்கலுக்குப் பயன்படும் மருந்துதான். ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலில் தேங்கி மயக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும். நீரிழிவுள்ளவரின் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று பாராமல் அதைத் தொடக்கூடாது. 48 மணித்தியாலத்தைக் கடந்து, உறக்கத்திலும் தொடரும் விக்கலைப் பழக்கம் என்று விட முடியாது. ஸ்டெரொயிட் ஊசிக்குப் பின் விக்கல் வருவதுண்டு, சில நாளில் அடங்குவதும் உண்டு. அது ஒரு காரணம் மட்டுமே. இன்றே அழைத்துச் சென்று சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், உப்புச் சத்துகள், சீனி, இசிஜி ஆகியவற்றைப் பாருங்கள். நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, விழுங்க முடியாமற் போனாலோ காத்திருக்கவே வேண்டாம்.

மருதானை, ஒரு அம்மம்மா: 48 மணித்தியாலம் என்றதும் பயந்துவிட்டேன். என் பேத்திக்கு மூன்று மாதம், பால் குடித்ததும் நாள்தோறும் விக்குகிறாள்.

நான் சொன்னது இடைவிடாமல் நீளும் விக்கலை, அம்மா. பாலுக்குப் பிறகு வந்து தானாக நிற்கும் விக்கல் அந்த வயதுக்கு இயல்பு. பால் கொடுக்கும் இடையில் தோளில் சாய்த்து ஏப்பம் விட வையுங்கள். தண்ணீரோ சீனியோ வேண்டாம்.

தெஹிவளை வாசகர், மறுநாள்: இசிஜி சரி. கிரியற்றினின் 2.4. விக்கல் சற்றுக் குறைந்திருக்கிறது. ஊசியா, சிறுநீரகமா?

இன்றைக்குப் பிரித்துச் சொல்ல இயலாது. ஊசியின் தாக்கம் கழிந்ததும் விக்கல் நின்று, கிரியற்றினின் அப்படியே இருந்தால் ஊசியின் மீதே சந்தேகம் கூடும். ஆயினும் 2.4 என்பது விக்கல் நின்றாலும் தனியே கவனிக்க வேண்டிய அளவு. முழங்கால் வலிக்கு டைக்குளோபெனக் போன்ற குளிசை எதையும் அவர் வாங்கிக் குடித்து வந்தாரா என்று கேட்டு, நீரிழிவுக் குளிசைகளின் பட்டியலோடு சேர்த்து கிளினிக்கில் காட்டுங்கள். மெட்போமின் இருந்தால் அதன் அளவையும் வைத்தியர் மாற்ற வேண்டியிருக்கும்.