லிண்டலைத் தடிமனாக்கினேன், விரிசல் கீழே வந்தது

கேள்வி: கோத்தகிரியில் சாலிட் பிளாக்கில் வீடு கட்டி ஒரு வருடம்தான் ஆகிறது. ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் விட்டிருக்கிறது. லிண்டல் கனம் போதவில்லை என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது சரியா?

மேல் மூலையா, கீழ் மூலையா என்று நீங்கள் எழுதவில்லை. கீழ் மூலை என்றால் பாவம், லிண்டலைத் திட்டாதீர்கள். நான் பட்டப்படிப்புப் பொறியாளன் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டுக் குன்னூர்ப் பக்கம் இருபது வருடமாகக் கட்டட மேற்பார்வை பார்ப்பவன். "கணக்கு எங்கே" என்று கேட்க வருபவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சொந்த வீட்டில் தேயிலைச் சரிவைப் பார்த்து ஆறடி அகல ஜன்னல் வைத்தேன். நான்கு அங்குல லிண்டல் போதும், சுமை முக்கோணமாகத்தான் இறங்கும் என்றார் மேஸ்திரி. முக்கோணம் பொய்யில்லை. மேலே சுவர் போதிய உயரம் இருந்தால் கற்கள் ஒன்றையொன்று தாங்கி வளைவு போல நிற்கும். ஒரு முக்கோண அளவுச் சுவரின் எடை மட்டும் லிண்டலில் உட்காரும். ஆறடித் திறப்புக்கும் எட்டு அங்குலச் சுவருக்கும் அது சுமார் 700 கிலோ. ஆனால் அந்த முக்கோணம் நிற்க ஐந்தரை அடி உயரம் வேண்டும். பத்தடிக் கூரையில் ஏழடிக்கு லிண்டல் போட்டால் மேலே மிஞ்சுவது இரண்டரை அடி. முக்கோணம் முடிவதற்குள் கூரைத் தளம் வந்துவிடுகிறது. பன்னிரண்டடி அறையின் பாதித் தளச் சுமையையும் சேர்த்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். மூன்றடிக் கதவுக்குப் பழகிய கையளவை ஆறடி ஜன்னலுக்கும் வைப்பதுதான் பலரும் செய்கிற தவறு.

அடிக்கு ஓர் அங்குலம், எப்படியும் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் என்பது என் வழக்கம். அதன்படி ஆறு அங்குல கனம், அடியில் 12 மி.மீ. கம்பி மூன்று, இருபுறமும் சுவர் மேல் ஒன்பது அங்குலம் பேரிங். பேரிங் ஆறு அங்குலம் போதும் என்று வாதாடுவீர்கள். சிறு திறப்புக்குப் போதும். இதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

மேலே ஒரு கீறல்கூட வரவில்லை. ஜனவரியில் உறைபனி விழுந்த வாரம், ஜன்னலின் கீழ் மூலை இரண்டிலிருந்தும் தரையை நோக்கிச் சாய்வாக விரிசல் இறங்கியது. மூலையில் நகம் நுழையும் அகலம், போகப் போக மயிரிழை.

ஜிப்பாவின் பக்கத் திறப்பு முடியும் இடத்தில் தையற்காரர் ஏன் சின்னத் துண்டு வைத்துத் தைக்கிறார்? துணியை இழுக்கும்போது கிழிசல் அங்கிருந்துதான் புறப்படும். சுவரும் அப்படித்தான். சுருங்கும் சுவரின் இழுவிசை நேராகப் போக வழியில்லாமல் திறப்பைச் சுற்றி வளைகிறது. மூலையில் போய் நெரிகிறது. என் வீட்டில் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொண்டன. ஜன்னலின் இருபக்கச் சுவர்கள் கூரையின் சுமையோடு அழுந்த, ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரின் தலையில் எதுவுமே இல்லை. அடுத்தது, பிளாக். ஐப்பசி மழையிலும் மூடுபனியிலும் ஈரம் காயாமல் கிடந்த பிளாக்கை அப்படியே வைத்துக் கட்டினோம். தை மாதக் காய்ச்சலில் அது சுவருக்குள் இருந்தபடி சுருங்கியது. நீராட்டி முடித்து, கூரைக்கடியில் காய்ந்த பிளாக்கைத்தான் வைக்க வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அவசரப்பட்டேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம் என் மைத்துனர். கிரகப்பிரவேச நாளை என்னைக் கேட்காமல் அவரே குறித்து, அழைப்பிதழும் அடித்துவிட்டார். இன்று எந்த விசேஷத்திலும், "மாப்பிள்ளை வீட்டிலேயே விரிசல்" என்று ஆரம்பிப்பதும் அவர்தான். போகட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோடைக்கு விரிந்து, மழைக்கு மூடி, நுனி நகராமல் இருந்தால் சுருக்கம்தான். நுனி மாதாமாதம் நகர்ந்தால் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். சரிவில் மண் நிரப்பிக் கட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். மேல் மூலையில் தொடங்குகிறது என்றால் லிண்டல் முனையருகே பூச்சை உடைத்து பேரிங்கை அளந்து பாருங்கள். மூன்று, நான்கு அங்குலம்தான் என்றால் குற்றவாளி அதுதான். லிண்டலின் நடுவே, அடிப்பக்கத்தில் நேர்க்கோடாகப் பிளந்திருந்தால் மட்டும் மேஸ்திரி சொல்லும் கனக்குறைவு. முன்வார்ப்பு லிண்டலைத் தலைகீழாக வைத்து, கம்பி மேலே போய்விட்டாலும் இதே பிளவு வரும். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

மாடி கட்டும்போது ஜன்னல் அடிமட்டத்தில் மூன்று அங்குலக் கான்கிரீட் பட்டை ஒன்று, இரண்டு 8 மி.மீ. கம்பியோடு, திறப்பைத் தாண்டி இருபுறமும் இரண்டடி ஓடும்படி போடச் சொன்னேன். மாடி ஜன்னலில் இதுவரை விரிசல் இல்லை. கீழே உள்ளதை இரண்டு கோடை காத்திருந்து, நுனி நின்ற பிறகு வெட்டி, வலை அடித்துப் பூசினேன். வெளிச்சம் சாய்வாக விழும் காலையில் இன்னும் லேசாகத் தெரிகிறது. மைத்துனருக்கு மட்டும் மாலையிலும் தெரிகிறதாம்.