மாமன் சீருக்கு மூன்று லட்சம் கடன் போடலாமா?

"வயது 39, திருச்சியில் தனியார் கம்பெனி வேலை. கைக்கு 58,000 வருகிறது, வீட்டுக்கடன் தவணை 17,500. தை மாதம் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பெரியப்பா மகன் அவன் தங்கை மகளுக்கு 3 பவுன், 101 தட்டு, செண்டை மேளம் என்று செய்துவிட்டான், அதற்குக் குறையக் கூடாது என்று வீட்டில் பேச்சு. சீட்டுப் பணம் 1,10,000 இருக்கிறது, மேற்கொண்டு 3 லட்சம் பர்சனல் லோன் போடலாமா? இது மட்டுமில்லை, எதிர்வீட்டில் கார் வந்தால் எனக்கும் கை பரபரக்கிறது, ஆபீஸில் போன் மாற்றினால் நானும் மாற்றுகிறேன். எனக்கு என்னதான் வேண்டும் என்றே தெரியவில்லை."

கடன் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏன் என்று கேட்டால் கணக்கு இதுதான்: 3 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்குப் போட்டால் மாதம் 10,250 ரூபாய் சொச்சம் போகும், முடிக்கும்போது 3,69,000 கட்டியிருப்பீர்கள். வீட்டுத் தவணையோடு சேர்த்தால் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே, மாதம் பிறந்ததுமே கிளம்பிவிடும். மேளம் அரை மணி நேரம் அடிக்கும், தவணை முப்பத்தாறு மாதம் அடிக்கும்.

ஆனால் "ஊருக்காகச் செய்யாதே, எல்லாம் வீண்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அது பொய். தாய்மாமன் வெறுங்கையோடு வந்தால் உங்கள் தங்கை புகுந்த வீட்டில் பேச்சுக் கேட்பாள், அது நிஜமான வலி. அதனால் வெட்டுவதற்கு முன்னால், எது உறவுக்கான செலவு, எது பார்க்கிற கண்ணுக்கான செலவு என்று பிரித்தாக வேண்டும். நம் வீடுகளில் இரண்டும் ஒரே தட்டில் வருவதுதான் சிக்கல்.

மொய்யிலிருந்து தொடங்குவோம், அதில்தான் இது சுத்தமாகப் பிரியும். உங்கள் வீட்டு விசேஷங்களில் எழுதிய மொய் நோட்டு பீரோவில் இருக்கும், எடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் செய்த மொய்யை எல்லாம் ஜிபேயிலும் ஞாபகத்திலும் தேடி ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயரையும் நோட்டில் பாருங்கள். நோட்டில் இருக்கிற பெயருக்குத் திருப்பிச் செய்தது ஆடம்பரமே இல்லை, அது வட்டியில்லாமல் வாங்கிய கடனைக் கட்டுவது, வந்ததைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்வதும் முறைதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்று இதையே ஒரு நிதி ஏற்பாடாக நடத்துகிறார்கள், யார் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கிறது, தராவிட்டால் மானம் போய்விடும். நோட்டில் இல்லாத பெயருக்கு, பக்கத்தில் நின்றவர் 2,000 எழுதினாரே என்று நீங்களும் 2,000 எழுதியதுதான் தனியாகப் பார்க்க வேண்டிய செலவு. என்னிடம் வந்த ஒருவர் இப்படிப் பிரித்தபோது வருடத்து மொய் 46,000-இல் திருப்பிச் செய்ய வேண்டியது 27,000-தான் என்று தெரிந்தது. மீதி 19,000-இல் பாதிக்கு மேல் ஆபீஸ் ஆட்களின் வீட்டு விசேஷம், அதில் மூன்று பேர் கம்பெனி மாறிப் போயே விட்டார்கள்!

இப்போது சீருக்கு வருவோம். சீரையும் அதே போல் பிரிக்கலாம். மறுநாள் காலையில் தங்கை வீட்டில் என்ன மிஞ்சும்? நகை மிஞ்சும், பட்டு மிஞ்சும், மாமன் வந்து நின்றது மிஞ்சும். செண்டை மேளம், ட்ரோன் கேமரா, மண்டப வாசலில் உங்கள் படம் போட்ட பேனர் எதுவும் மிஞ்சாது. 101 தட்டில் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வளையல், ஸ்டிக்கர் பொட்டு, சாக்லேட், நாலு ஆப்பிள், ஒரு கரடி பொம்மை. தட்டு வாடகை, அலங்காரம், ஏற்றிவர வேன் இவைதான் செலவு. எண்ணிக்கையை யாரும் எண்ணுவதும் இல்லை, வீடியோக்காரர்தான் ஒன்று விடாமல் எடுப்பார்.

நகையில் ஒரு விஷயம் கவனியுங்கள். நம் ஆட்கள் சீரைப் பவுனில் பேசுவார்கள், நீங்கள் ரூபாயில் பேசுங்கள். 2000-ஆம் வருட வாக்கில் ஒரு பவுன் மூவாயிரத்துச் சொச்சம்தான். இன்று அது இருபது மடங்கைத் தாண்டிவிட்டது, நம் சம்பளம் அப்படி ஏறவில்லை. "தாய்மாமன் என்றால் இரண்டு பவுனாவது" என்ற அந்தக் காலத்துப் பேச்சை இன்று அப்படியே எடுத்துக்கொண்டால், உங்கள் கடமை எவ்வளவு என்பதைத் தங்க மார்க்கெட் தீர்மானிக்கிறது என்று அர்த்தம். 60,000 ரூபாய்க்கு எத்தனை கிராம் வருகிறதோ அத்தனை கிராமில் தோடு, அவ்வளவுதான். கல் வைத்தது வேண்டாம், சேதாரமும் கூடும், பின்னாளில் மாற்றப்போனால் கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள்.

ஆக 1,10,000-க்குள் நான் போடுகிற கணக்கு: தோடு 60,000. பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை தாவணி 9,000, தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் துணி 8,000. 21 தட்டு 8,000, அதில் பழமும் வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் போதும். 20,000-க்கு அந்தப் பிள்ளை பெயரில் அஞ்சலகத்தில் தேசிய சேமிப்புப் பத்திரம், மிச்சம் 5,000 வண்டிக்கும் கைச்செலவுக்கும். செல்வமகள் திட்டத்தில் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அது முடியாது, பிள்ளைக்குப் பத்து வயதாவதற்குள் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர்தான் அதைத் தொடங்க முடியும். சேமிப்புப் பத்திரம் ஐந்து வருடம், பிள்ளை காலேஜ் சேருகிற நேரத்துக்குக் கைக்கு வரும். முடிந்தால் அந்தப் பிள்ளையிடமே உனக்கு என்னம்மா வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். பேனரில் தன் படம் வருவதை நினைத்தாலே கூசிப்போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

காருக்கும் போனுக்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. கனடாவில் லாட்டரிப் பரிசு விழுந்தவர்களின் அக்கம்பக்கத்து வீடுகளை ஆராய்ந்தார்கள். பரிசுத் தொகை கூடக் கூட, பரிசு விழாத பக்கத்து வீட்டுக்காரர்கள் திவாலாவதும் கூடியது. திவாலானவர்களிடம் கார் மாதிரி வெளியே தெரிகிற சொத்துதான் அதிகமாக இருந்தது. அதனால் உங்களிடம் நான் கேட்பது வேறு: எதிர்வீட்டுக்காரர் கண்ணில் படாத பக்கம் எப்படி இருக்கிறது? கம்பெனி தருகிறதைத் தவிர சொந்தமாக மருத்துவக் காப்பீடு உண்டா, டேர்ம் பாலிசி உண்டா, சம்பளம் நின்றால் மூன்று மாதம் வீடு ஓடுமா? கண்ணுக்குத் தெரிகிறது வளர்ந்து, தெரியாதது வெறுமையாகக் கிடந்தால் நீங்கள் அடுத்தவர் கணக்கில் வாழ்கிறீர்கள்.

என்னதான் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால் கிடைக்காது, நல்ல நல்ல வார்த்தையாக வரும், குடும்பம், நிம்மதி என்று. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தேடுங்கள். ஒரு வருடத்தை எடுத்து, 1,000 ரூபாய்க்கு மேல் போன ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டே கேள்வி. இதை யாரிடமும் சொல்லக் கூடாது, ஸ்டேட்டஸில் போடக் கூடாது என்றால் வாங்கியிருப்பேனா? வாங்கி இரண்டு மாதம் கழித்து ஒரு தடவையாவது அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேனா? முதல் கேள்விக்கு எல்லோரும் கொஞ்சம் தங்களையே ஏமாற்றுவார்கள், இரண்டாவதில் முடியாது. மேலே மொய்க் கணக்குச் சொன்னேனே, அவருக்கு இரண்டுக்கும் ஆமாம் என்று வந்தவை ஏழு வரிதான். 32,000 போனுக்கு வரவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் கண் ஆபரேஷன் முடித்துவிட்டு வரும் வழியில் இரண்டு பேரும் சாப்பிட்ட ஓட்டல் பில்லும் பெட்ரோலுமாக 1,400, அதற்கு வந்தது. பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, பழைய டூவீலரைச் சரி பண்ணியது, இப்படி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஏழு வரியையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த வருடம் அதற்கு முதலில் பணம் ஒதுக்கச் சொன்னேன். மிஞ்சியதில்தான் மற்றவை.

ஒரு எச்சரிக்கை. பணத்தைக் குறைக்கலாம், போய் நிற்பதைக் குறைக்காதீர்கள். முந்தின நாளே போய்ப் பந்தல்காரரோடு நின்று, பந்தியில் சாம்பார் வாளி தூக்கிய மாமனைப் பற்றி யாரும் குறை பேசுவதில்லை. பணமும் தராமல், சாப்பாட்டு நேரத்துக்கு வந்து கிளம்பினால் பேசத்தான் செய்வார்கள்.

தங்கையிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. போனில் வேண்டாம், மனைவியை விட்டுச் சொல்லச் சொல்லவே வேண்டாம், "அண்ணிதான் தடுத்துட்டாங்க" என்று ஆயுசுக்கும் அந்தப் பழி அவர் மேல்தான் விழும். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் நீங்களே தனியாகப் போங்கள், தொகையோடு போங்கள். "பாப்பாவுக்குத் தோடு, பட்டு, அவ பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல இருபதாயிரம். கடன் வாங்காம அண்ணனால இவ்வளவு முடியும்மா. முந்தின நாளே வந்துடுவேன்" என்றால் போதும், சம்பளக் கணக்கெல்லாம் விளக்க ஆரம்பித்தால் பேரம் ஆகிவிடும்.

"அவங்க அண்ணன் மட்டும் செஞ்சாரேண்ணே" என்று அவள் அழலாம். அழட்டும், சமாதானம் சொல்லுங்கள், தொகையை மட்டும் அங்கேயே ஏற்றாதீர்கள். மாமியார் வீட்டில் கஷ்டப்படுத்துவார்கள் என்று அவள் பயந்தால் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், அப்போது தட்டையும் பத்திரத்தையும் குறைத்துத் தோட்டின் எடையைக் கூட்டலாம், மொத்தம் 1,10,000-ஐத் தாண்டாமல். மாப்பிள்ளையிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள், அவர் காதுக்கு வேறு யார் வழியாகவும் போக வேண்டாம்.