இருபது செல்லும் இருநூறு செல்லும்

வணக்கம். என் அண்ணனுக்கு 52 வயது. எலும்பு மஜ்ஜை எடுத்த மறுநாளே ஃப்ளோ சைட்டோமெட்ரி முடிவு வந்தது. பி-செல் ஏ.எல்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சில நாளில் ஃபிஷ் பரிசோதனையில் பிலடெல்ஃபியா குரோமோசோம் இருப்பதாகச் சொல்லி இமாட்டினிப் மாத்திரையும் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த குரோமோசோம் அறிக்கையிலோ `46,XY[20]`, நார்மல் என்று இருக்கிறது. எதை நம்புவது? மாத்திரை தேவைதானா?
க., சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள க.,

மாத்திரை தேவை. நிறுத்த வேண்டாம். இரண்டு அறிக்கையும் தாம் பார்த்ததைச் சரியாகவே சொல்கின்றன. பார்த்த செல்கள்தான் வேறு.

செல் இரண்டாகப் பிளக்கும் தறுவாயில்தான் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் தனித்தனியாகத் தெரியும். அதனால் மஜ்ஜையை 37 டிகிரியில் 24 அல்லது 48 மணி நேரம் வளர்ப்பார்கள். பிளக்கத் தொடங்கிய செல்களைக் கோல்செமிட் மருந்தால் பாதியில் நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் ஊதவைத்து, சாயமேற்றி எண்ணுவார்கள். உங்கள் அறிக்கையில் உள்ள `[20]` அப்படி எண்ணிய செல்களின் கணக்கு. ஏ.எல்.எல். செல்களுக்கோ உடம்புக்கு வெளியே பிழைக்கத் தெரியாது. பல சமயம் அவை குப்பியில் செத்துப்போகும், அல்லது பிளக்காமல் சும்மா கிடக்கும். அதே குப்பியில் இருக்கும் நல்ல செல்கள் ஒழுங்காகப் பிளக்கும். கடைசியில் எண்ணிய இருபதும் நல்ல செல்களாகவே அமைந்துவிடலாம்.

மாதிரி வழியிலும் கெடும். ஃப்ளோவுக்கு ஊதா மூடிக் குழாய்; அதிலுள்ள இ.டி.டி.ஏ. அந்தச் சோதனைக்குப் பொருந்தும். வளர்க்க வேண்டிய மாதிரிக்குப் பச்சை மூடி, ஹெப்பாரின் குழாய் வேண்டும். இ.டி.டி.ஏ.வில் அதிக நேரம் கிடந்த செல் சரியாக வளராது. லேடிஸ்மித்தில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரி திங்கட்கிழமைதான் டர்பன் ஆய்வகத்தில் திறக்கப்படுகிறது என்றால், அல்லது ஐஸில் உறைந்துபோனால், பிளப்பதற்கு உயிருள்ள செல்லே மிஞ்சாது. ஸ்டீராய்டு ஏற்றிய பிறகு எடுத்தாலும் இதே கதிதான்.

ஃபிஷ்ஷுக்குச் செல் பிளக்க வேண்டிய அவசியமே இல்லை. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் உண்டாவதுதான் பிலடெல்ஃபியா குரோமோசோம். 9ஆம் குரோமோசோமின் `ABL1` மரபணுவுக்குச் சிவப்பும் 22ஆம் குரோமோசோமின் `BCR` மரபணுவுக்குப் பச்சையும் ஒளிரும்படி குறிகளை ஒட்டுவார்கள். நல்ல செல்லில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை. பிலடெல்ஃபியா செல்லில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, இரண்டும் சேர்ந்த மஞ்சள் இரண்டு. உங்கள் ஃபிஷ் அறிக்கையில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும்; எண் மட்டும் மாறலாம்:

```
nuc ish(ABL1,BCR)x3(ABL1 con BCRx2)[164/200]
```

ஒவ்வொரு மரபணுவுக்கும் மூன்று புள்ளி, அவற்றில் இரண்டு இடத்தில் இரண்டும் ஒட்டியிருக்கின்றன, 200 செல்லில் 164இல் இப்படி. அதாவது 82 சதவீதம். தற்செயலாகப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஏமாற்றுவது ஓரிரு சதவீதத்தைத் தாண்டாது.

இதை ஃப்ளோ அறிக்கையோடு வைத்துப் பாருங்கள். ஃப்ளோவில் புற்றுச் செல்கள் 85 சதவீதம் என்றிருந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன, கவலையில்லை. ஃப்ளோ 85 என்று சொல்லி ஃபிஷ் வெறும் 5 என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும். இன்னொன்று: மஞ்சள் இரண்டு என்றால் அது வழக்கமான இடமாற்றம். புற்றுச் செல் ஒன்று பிளந்திருந்தாலும் குரோமோசோம் பரிசோதனையிலும் கண்ணில் பட்டிருக்கும். மஞ்சள் ஒன்றே ஒன்று என்றால், நுண்ணோக்கிக்குத் தெரியாத சிறு துண்டு உள்ளே நுழைந்திருக்கலாம். அப்போது எத்தனை செல் பிளந்தாலும் நார்மல் என்றுதான் வரும்.

ஃப்ளோ இதைச் சொல்லாது. லேசர் முன்னால் ஒவ்வொரு செல்லாக ஓடவிட்டு, அதன்மேலும் உள்ளேயும் இருக்கும் புரதங்களைப் படிக்கும் கருவி அது. சிடி45 மங்கல், சிடி19 உண்டு, டிடிடி உண்டு, மையலோபெராக்ஸிடேஸ் இல்லை என்றால் முதிராத பி-செல் என்று குலம் சொல்லும். எந்த மரபணு உடைந்தது என்பது அதன் கண்ணுக்கு எட்டாது. அடிப்படைச் சிகிச்சை ஃப்ளோ சொன்ன குலத்தைப் பொறுத்தது. அதோடு தினமும் 600 மில்லிகிராம் அளவில் இமாட்டினிப் சேர்வது ஃபிஷ் சொன்னதால்.

மருத்துவரிடம் இப்போது கேட்க வேண்டியது வேறு: ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வந்த ஒட்டு மரபணு `p190` வகையா, `p210` வகையா? ஏ.எல்.எல்.லில் பெரும்பாலும் `p190`தான். ஆனால் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காரர்களைக் கண்காணிக்கும் வழக்கமான சோதனை `p210`ஐ மட்டுமே அளக்கும். வகை தெரியாமல் அதை எழுதிக் கொடுத்தால், நோய் மிச்சமிருக்கும்போதே ‘காணப்படவில்லை’ என்று வந்து நிற்கும். இந்தச் சோதனைக்கு ஊதா மூடிக் குழாய்தான். ஹெப்பாரின் அதைக் கெடுக்கும். அடுத்த முறை மஜ்ஜை எடுக்கையில் ஊசியில் முதலில் வரும் சில மில்லியை மிச்ச நோய் பார்க்கும் சோதனைகளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பத்தாயிரத்தில் ஒரு செல்லைத் தேடும் வேலை அது. பின்னால் இழுப்பதில் ரத்தம் கலந்து, இருக்கும் செல்லும் மறைந்துவிடும்.